தடயத்தை எடுப்பதற்கு முன்னால்: சம்பவ இடத்தில் என்ன நடக்கிறது?

கொலை நடந்த வீட்டுக்கு மோப்ப நாய் வரவழைக்கப்பட்டது. அது சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது. கைரேகை நிபுணர்கள் வந்து தடயங்களைச் சேகரித்தனர். நம் நாளிதழ்களில் எந்த ஊர்க் கொலையானாலும் இந்த வாசகங்கள் அச்சுப் பிசகாமல் வந்துவிடும். டிவி தொடர்களில் இன்னும் மோசம். துப்பறிபவர் உள்ளே நுழைவார், கைக்குட்டையால் கத்தியைத் தூக்குவார், முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார், பாலிதீன் பையில் போடுவார்.

இரண்டையும் பார்த்துப் பழகியதால், சம்பவ இடத்து வேலை என்றாலே பொருள்களைப் பொறுக்கி எடுப்பது என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் எடுப்பது கடைசி வேலை. அதற்கு முன்னால் இடத்தைப் பாதுகாத்தல், படம் பிடித்தல், அளந்து வரைதல், எழுதிவைத்தல் என்று மணிக்கணக்கில் வேலை இருக்கிறது. வழக்கு தோற்பதும் பெரும்பாலும் இந்தப் பகுதியில்தான். அந்தப் பகுதியை மட்டும் இங்கே பார்ப்போம்.

## எடுத்துவிட்டால் திரும்ப வைக்க முடியாது

பழைய கோயில் மண்டபத்தைத் திருப்பணிக்காகப் பிரிக்கும்போது கவனித்திருப்பீர்கள். ஒரு கல்லைக்கூட உடனே தூக்கமாட்டார்கள். ஒவ்வொரு கல்லிலும் பெயின்ட்டால் எண் எழுதி, படம் எடுத்து, எந்த எண் எந்த வரிசையில் இருந்தது என்று வரைந்துகொண்ட பிறகுதான் முதல் கல் நகரும். கல் தொலைந்துவிடும் என்ற பயத்தால் அல்ல. கல் கையிலேயே இருந்தாலும், அது எதற்கு மேல், எதற்குப் பக்கத்தில், எந்த முகம் வெளியே தெரிய இருந்தது என்ற செய்தி, தூக்கிய நொடியில் போய்விடும்.

சம்பவ இடத்திலும் இதேதான். கத்தி ஒரு தடயம். அது நாற்காலிக்கு அடியில் கிடந்தது என்பது வேறொரு தடயம். அதன் முனை வாசல் பக்கம் திரும்பியிருந்ததும், அதை ஒட்டிய தரையில் ரத்தக் கறை இல்லாததும் வெவ்வேறு தடயங்கள். கத்தியைப் பையில் போட்டால் முதலாவது மட்டும்தான் பைக்குள் வரும். மற்றவை ஏற்கெனவே பதிவாகியிருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. வழக்கு சில வருடங்கள் கழித்து விசாரணைக்கு வரும்போது அந்தக் கூடத்தில் வேறு யாரோ குடியிருப்பார்கள். நீதிபதி பார்க்கப்போவது அன்றைய படங்களையும் வரைபடத்தையும் எழுத்தையும்தான்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைச் சம்பவத்தை வைத்துக்கொள்வோம். ஒரு சிறு ஊர். தனியாக வசித்த மூதாட்டி ஒருவர் வீட்டுக் கூடத்தில் இறந்துகிடக்கிறார். பக்கத்தில் கத்தி. கொல்லைப்புறக் கதவு திறந்திருக்கிறது. அங்கே ஈர மண்ணில் ஒரு செருப்புத் தடம். காலையில் பால் ஊற்ற வந்தவர் பார்த்துச் சத்தம் போட, தெருவே வாசலில் கூடிவிட்டது.

## முதலில் போய்ச் சேரும் காவலர்

முதலில் வருபவர் நிபுணர் அல்ல. ரோந்துப் பணியில் இருந்த ஒரு காவலரோ உதவி ஆய்வாளரோதான் பெரும்பாலும் வருவார். இந்த இடத்தின் தலைவிதி பெரும்பகுதி அவர் கையில் இருக்கிறது.

அவருடைய முதல் கடமை தடயம் அல்ல, உயிர். மூதாட்டிக்கு மூச்சிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் 108க்குச் சொல்லி, தடயம் மிதிபட்டாலும் பரவாயில்லை என்று அவரைக் காப்பாற்றத்தான் பார்க்க வேண்டும். குற்றவாளி இன்னும் உள்ளே இருக்கிறானா, கேஸ் சிலிண்டர் திறந்திருக்கிறதா என்பதும் இதே வரிசையில் வரும்.

அப்படி உள்ளே போகும்போது எதையாவது தொட்டே ஆக வேண்டியிருக்கும். தொட்டதில் தவறில்லை, தொட்டதை எழுதாமல் விடுவதில்தான் தவறு. கதவைத் தள்ளித் திறந்தாரா, ஏற்கெனவே திறந்திருந்ததா? கூடத்து விளக்கு எரிந்துகொண்டிருந்ததா, இவர் போட்டாரா? மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்ததா? உடலை எந்தப் பக்கம் திருப்பினார்? ஆம்புலன்ஸ் ஊழியர் சட்டையை வெட்டினாரா? இவை எழுதப்படாவிட்டால், பின்னால் வரும் அதிகாரி காவலர் போட்ட விளக்கைக் கொலைகாரன் போட்ட விளக்கு என்று எடுத்துக்கொள்வார்.

தூக்கில் தொங்கும் ஒருவரைக் காப்பாற்ற இறக்கும்போதுகூட இதற்கு ஒரு வழி உண்டு. முடிச்சை அவிழ்க்காமல், முடிச்சு இல்லாத இடத்தில் கயிற்றை அறுத்து இறக்க வேண்டும். முடிச்சு எந்த வகை, எந்தப் பக்கம் இருந்தது என்பது தற்கொலையா கொலையா என்ற கேள்வியில் பேசப்படும் விஷயம். உயிரைக் காப்பாற்றும் அவசரத்திலும் முடிச்சைக் காப்பாற்ற முடியும்.

## கயிற்றை எங்கே கட்டுவது?

அடுத்தது எல்லை போடுவது. பொதுவாக நடக்கும் தவறு, உடல் கிடக்கும் அறையை மட்டும் அடைத்துவிட்டு மற்ற இடங்களில் ஊரை நடமாட விடுவது. கொலைகாரன் அறைக்குள் வானத்திலிருந்து குதிக்கவில்லை. ஒரு வழியாக வந்தான், ஒரு வழியாகப் போனான். அந்த வழிகளும் சம்பவ இடம்தான்.

அதனால் எல்லை முதலில் பெரிதாக இருக்க வேண்டும். பெரிதாகப் போட்டதைப் பின்னால் சுருக்கலாம். சிறிதாகப் போட்டுவிட்டு விரித்தால், விரிந்த பகுதியை அதற்குள் ஐம்பது பேர் மிதித்திருப்பார்கள். நம் சம்பவத்தில் உள் எல்லை வீடும் கொல்லையும். வெளி எல்லை, வாசல் தெருவில் ஒரு பகுதியையும் கொல்லைக்குப் பின்னால் உள்ள சந்துப் பாதையையும் சேர்த்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தில்தான் அதிகாரிகள் நின்று பேச வேண்டும், உபகரணங்களை வைக்க வேண்டும், டீ குடிக்க வேண்டும்.

உள்ளே போக ஒரே ஒரு பாதை. குற்றவாளி நடந்திருக்க வாய்ப்பு குறைவான தடத்தைப் பார்த்து அது தேர்ந்தெடுக்கப்படும். கூடத்தின் நடுவாகப் போவதைவிடச் சுவரை ஒட்டிப் போவது மேல். வாசலில் ஒருவர் நோட்டுடன் நிற்பார். யார் உள்ளே போனார், எதற்காக, எத்தனை மணிக்கு, எப்போது வெளியே வந்தார் என்று எழுதுவது மட்டுமே அவர் வேலை. உயரதிகாரியானாலும் இந்த நோட்டில் ஏற வேண்டும். நடைமுறையில் அந்த நோட்டுக்காரர் ஒரு சாதாரணக் காவலராக இருப்பார், டிஎஸ்பியிடம் போய் ‘ஐயா, பெயர்’ என்று கேட்கத் தயங்குவார். நோட்டில் உள்ள ஓட்டைகள் பல இப்படி விழுந்தவைதான்.

இவ்வளவு கெடுபிடி ஏன்? பிரான்சின் லியோன் நகரில் 1910இல் காவல்துறை ஆய்வகம் ஒன்றைத் தொடங்கிய எட்மோன் லொக்கார் சொன்ன கருத்துதான் இதற்கு அடிப்படை. ஒன்றோடொன்று தொடும்போது இரண்டுமே எதையாவது விட்டுச்செல்லும், எதையாவது எடுத்துச்செல்லும். இது கொலைகாரனுக்கு மட்டும் பொருந்தும் விதி அல்ல. எட்டிப்பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரருக்கும் இன்ஸ்பெக்டருக்கும் பொருந்தும். அவர்களுடைய முடியும் செருப்பு மண்ணும் உள்ளே விழும், அங்கிருந்த ஏதோ ஒன்று அவர்கள் காலில் ஒட்டிக்கொண்டு வெளியேறும்.

எல்லை போடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2008 மே மாதம் நொய்டாவில் நடந்த இரட்டைக் கொலை ஓர் உதாரணம். 16ஆம் தேதி காலை, ஓர் அடுக்குமாடி வீட்டில் சிறுமி ஒருவர் படுக்கையறையில் கொல்லப்பட்டுக் கிடந்தார். சில மணி நேரத்தில் உறவினர், அக்கம்பக்கத்தினர், செய்தியாளர் என்று வீடு நிறைந்துவிட்டது. வீட்டு வேலைக்காரரைக் காணோம், அதனால் அவர்தான் கொலைகாரர் என்று காவல்துறை அவரைத் தேடத் தொடங்கியது. மொட்டைமாடிக் கதவு பூட்டியிருந்தது, அதில் ரத்தக் கறை தெரிந்தது. சாவி கிடைக்கவில்லை என்று அன்று யாரும் அதைத் திறக்கவில்லை. மறுநாள் திறந்தபோது அந்த வேலைக்காரரின் உடல் மாடியில் கிடந்தது. தேடப்பட்டவரும் சிறுமி கொல்லப்பட்ட அதே இரவிலேயே கொல்லப்பட்டிருந்தார். பின்னர் தண்டனை பெற்ற சிறுமியின் பெற்றோர் இருவரையும் 2017இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. மாடி, அந்த வீட்டுக் கொலையின் எல்லைக்குள் முதல் நாளிலேயே வந்திருக்க வேண்டிய இடம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: உயிர் முதலில், எல்லை பெரிதாக, பாதை ஒன்றே, உள்ளே போகிற ஒவ்வொருவரும் நோட்டில். இன்னும் யாரும் எதையும் எடுக்கவில்லை.

## கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு நடை

புலனாய்வு அதிகாரியும் தடய அறிவியல் அலுவலரும் அந்த ஒரே பாதையில் ஒருமுறை மெதுவாக நடந்து பார்ப்பார்கள். கையுறை போட்டிருந்தாலும் எதையும் தொடுவதில்லை. எங்கே என்ன இருக்கிறது, எதை எந்த வரிசையில் பதிவு செய்வது என்று திட்டமிடத்தான் இந்த நடை.

கெட்டுப்போகப் போவது எது என்பதுதான் இங்கே முக்கியமான கேள்வி. கத்தி மாலை வரை அங்கேயே கிடக்கும். கொல்லையில் ஈர மண்ணில் உள்ள செருப்புத் தடம் கிடக்காது. வானம் இருட்டியிருந்தால், கூடத்தை விட்டுவிட்டு முதலில் அதைத்தான் படம் பிடிக்க வேண்டும். அதுவரை தடத்தின் மேல் படாதபடி ஒரு பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்து மூடலாம். வரிசை என்பது சடங்கு இல்லை, நிலைமைக்கு ஏற்ப மாறும். ஏன் மாறியது என்று எழுதிவைத்துவிட்டால் போதும்.

## மூன்று தூரங்களில் படம்

சம்பவ இடப் படங்கள் என்றால் ரத்தமும் முகமும் நெருக்கத்தில் தெரியும் படங்கள் என்று தோன்றும். அவை மட்டும் இருந்தால் வழக்குக்குப் பயனில்லை. ஒரு கத்தியின் நெருக்கப் படத்தைக் காட்டி, இது எந்த வீட்டில், எந்த அறையில் எடுத்தது என்று வக்கீல் கேட்டால் படத்தில் பதில் இருக்காது.

அதனால் படங்கள் மூன்று தூரங்களில் எடுக்கப்படுகின்றன. முதலாவது தொலைவுப் படம்: தெருவிலிருந்து வீடு, வாசல், பிறகு கூடத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் கூடம் முழுவதும். ஒரு படத்தின் ஓரத்தில் தெரிவது அடுத்த படத்திலும் தெரியும்படி எடுத்தால் இடைவெளி விழாது. இரண்டாவது இடைத் தூரப் படம்: கத்தியும், அதனருகே இருக்கும் நாற்காலிக் காலும், முன்பு தொலைவுப் படத்தில் பார்த்த ஜன்னலும் ஒரே படத்தில் வர வேண்டும். கத்தியை அந்த அறையோடு கட்டிப்போடுவது இந்தப் படம்தான். அவசரத்தில் பெரும்பாலும் விட்டுப்போவதும் இதுதான். மூன்றாவது நெருக்கப் படம்: கத்தி மட்டும், படம் நிறைய.

இதிலும் ஒரு வரிசை இருக்கிறது. முதல் சுற்றுப் படங்களில் எண் அட்டை, அளவுகோல், அதிகாரிகளின் பை எதுவும் இருக்கக் கூடாது. இடம் எப்படிக் கிடந்ததோ அப்படியே வர வேண்டும். இரண்டாவது சுற்றில்தான் ஒவ்வொரு தடயத்தின் பக்கத்திலும் எண் அட்டை வைத்து எடுப்பார்கள். நெருக்கப் படமும் அளவுகோல் இல்லாமல் ஒன்று, அளவுகோலுடன் ஒன்று. அளவுகோல் வைத்த படம் மட்டும் இருந்தால், அதற்கு அடியில் எதையோ மறைத்தீர்கள் என்று கேட்க இடம் கொடுத்ததாகும்.

கைரேகைப் பொடி தூவுவது எல்லாம் இதற்கு அப்புறம்தான். பொடி பட்ட கதவு, பொடி படாத கதவாக மறுபடி ஆகாது.

எடுத்த படங்களில் எதையும் அழிக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. கை ஆடி மங்கிப்போன படமும் இருக்கட்டும். கேமரா தானாகப் போடும் வரிசை எண்ணில் 46க்கு அடுத்து 48 வந்தால், 47இல் என்ன இருந்தது என்ற கேள்விக்குக் கூண்டில் நின்று பதில் சொல்ல வேண்டும். மங்கிய படம் யாரையும் காப்பாற்றாது, ஆனால் காணாமல்போன படம் சந்தேகத்தைக் கிளப்பும்.

## ஈர மண்ணில் ஒரு செருப்புத் தடம்

கொல்லைத் தடத்துக்கு வருவோம். செல்போனை எடுத்து, நின்றபடியே ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்தால் என்ன கிடைக்கும்? பழுப்பு நிறத்தில் தட்டையான மண்தான். தடம் என்பது பள்ளமும் மேடும். நேர் மேலிருந்து விழும் வெளிச்சம் இரண்டிலும் ஒரே மாதிரி விழுந்து நிழலை அழித்துவிடும். நிழல் இல்லையென்றால் அடிப்பாகத்தின் கோடுகள் தெரியாது.

ஆகவே வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து, தரையை ஒட்டித் தாழ்வாக வர வேண்டும். கேமரா ஸ்டாண்டில் அசையாமல் நிற்கும். ஒருவர் டார்ச்சையோ தனி ஃபிளாஷையோ தடத்தின் ஒரு பக்கத்தில் தாழப் பிடிப்பார். பிறகு வேறு பக்கம், பிறகு இன்னொரு பக்கம் என்று குறைந்தது மூன்று திசைகளிலிருந்து படம் எடுப்பார்கள். ஒரு திசையில் நிழலுக்குள் மறைந்த கோடு அடுத்த திசையில் வெளியே வரும். பகல் வெயில் அதிகமாக இருந்தால் குடையால் மறைத்துக்கொண்டு இதைச் செய்வார்கள்.

கேமரா தடத்துக்கு நேர் மேலே, தரைக்குச் சமமாக இருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் குதிகால் பெரிதாகவும் முன்பக்கம் சிறிதாகவும் பதிவாகும். பின்னால் சந்தேக நபரின் செருப்போடு ஒப்பிடும்போது நீளம் ஒத்துப்போகாது. சாய்ந்துவிட்டதா என்று படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. இந்த வேலைக்கென்று இருக்கும் ‘ட’ வடிவ அளவுகோலில் சிறிய வட்டங்கள் அச்சிட்டிருப்பார்கள். படத்தில் அவை வட்டமாகவே தெரிந்தால் கேமரா நேராக இருந்தது, முட்டை வடிவத்தில் தெரிந்தால் சாய்ந்திருந்தது.

அளவுகோலைத் தரையின் மேல் சும்மா வைப்பதும் சரியல்ல. தடம் இரண்டு சென்டிமீட்டர் ஆழம் பதிந்திருக்கிறது என்றால், அளவுகோலையும் பக்கத்தில் மண்ணைக் கொஞ்சம் ஒதுக்கி அதே ஆழத்தில் வைக்க வேண்டும். மேலே வைத்தால் அது கேமராவுக்கு அருகில் இருக்கும், அதனால் பெரிதாகத் தெரியும், அதை வைத்துக் கணக்கிடும் தடத்தின் நீளம் குறைந்துவிடும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் அச்சுக்கலவை ஊற்றி வார்ப்பு எடுப்பார்கள். வார்ப்பைத் தூக்கும்போது தடம் அழிந்துவிடும். வார்ப்பு நடுவில் உடைந்துபோனால் மிஞ்சுவது படம் மட்டும்தான்.

## இரண்டு மூலைகளிலிருந்து அளந்தால்

இத்தனை படம் இருக்கும்போது வரைபடம் எதற்கு? படம் தூரத்தை ஏமாற்றும். லென்ஸைப் பொறுத்து நான்கு மீட்டர் அறை ஏழு மீட்டர் மாதிரி தெரியும். உடலுக்கும் கத்திக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று படத்தைப் பார்த்து யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்கு டேப் வேண்டும்.

சம்பவ இடத்திலேயே கையால் போடும் படத்துக்கு மாதிரி வரைபடம் என்று பெயர். அழகாக இருக்க வேண்டியதில்லை, அளவு விகிதமும் தேவையில்லை. ஆனால் வடக்கு எது என்ற அம்புக்குறியும், அளந்த எண்களும், வரைந்தவர் பெயரும், நேரமும் இருக்க வேண்டும்.

ஒரு பொருளின் இடத்தைப் பதிவு செய்ய எளிய முறை, நகராத இரண்டு புள்ளிகளிலிருந்து அளப்பது. இதை முக்கோண அளவை என்பார்கள். நம் கூடம் கிழக்கு மேற்காக 4 மீட்டர், வடக்கு தெற்காக 3 மீட்டர். தெற்குச் சுவரின் மேற்கு மூலையை ‘அ’ என்றும் கிழக்கு மூலையை ‘ஆ’ என்றும் வைப்போம். கத்திப் பிடியின் நுனி ‘அ’விலிருந்து 2.00 மீட்டர், ‘ஆ’விலிருந்து 2.68 மீட்டர். ‘அ’விலிருந்து மட்டும் அளந்திருந்தால், கத்தி இரண்டு மீட்டர் தொலைவில் ஒரு பெரிய வளைவின் மேல் எங்கு வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். இரண்டாவது அளவு அதை இரண்டே இடங்களாகக் குறைக்கிறது. அதில் ஒன்று சுவருக்கு அப்பால், வீட்டுக்கு வெளியே விழுகிறது. மிச்சம் ஒரே இடம்.

ஆனால் கத்தி ஒரு புள்ளி அல்ல, அதற்குத் திசை உண்டு. ஆகவே அதன் முனையையும் தனியாக அளக்க வேண்டும். முனை ‘அ’விலிருந்து 2.25, ‘ஆ’விலிருந்து 2.58 மீட்டர். இப்போது கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ‘அ’விலிருந்து முனைக்கும் பிடிக்கும் உள்ள வித்தியாசம் 25 சென்டிமீட்டர். கத்தியின் மொத்த நீளமும் 25 சென்டிமீட்டர். அப்படியென்றால் கத்தி ‘அ’ மூலைக்கு நேர் எதிர்த்திசையில், வடகிழக்குப் பக்கமாக நீட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. இந்த நான்கு எண்கள் இருந்தால், கத்தி கூடத்தை விட்டுப் போய்ப் பல வருடங்கள் ஆனாலும் அதே இடத்தில் அதே திசையில் வைத்துக்காட்டலாம். ஒருவேளை வித்தியாசம் 31 சென்டிமீட்டர் என்று வந்திருந்தால், 25 சென்டிமீட்டர் கத்தியில் அது நடக்காத காரியம். டேப்பைத் தவறாகப் படித்திருக்கிறார்கள் என்று அங்கேயே பிடித்துவிடலாம்.

சுவரிலிருந்து செங்குத்தாக அளக்கும் முறையும் உண்டு. அதில் டேப் சுவருக்குச் சரியான செங்குத்தில் இருக்க வேண்டும், கண்ணளவில் அது அவ்வளவு சுலபம் இல்லை. முக்கோண முறையில் அந்தத் தொல்லை கிடையாது. புள்ளிகள் மட்டும் உண்மையிலேயே நகராதவையாக இருக்க வேண்டும். சுவர் மூலை, கதவு நிலை, மின்கம்பம் சரி. கட்டிலின் கால், நிறுத்திவைத்த பைக் சரியில்லை.

படம் எது எப்படி இருந்தது என்று காட்டுகிறது, வரைபடம் எது எங்கே இருந்தது என்று காட்டுகிறது. இரண்டாலும் முடியாத சிலவற்றை எழுத்துதான் சொல்ல வேண்டும்.

## பார்வை மகஜர்

புலனாய்வு அதிகாரி சம்பவ இடத்தில் தான் கண்டதை, சாட்சிகள் முன்னிலையில் எழுதி அவர்களிடம் கையெழுத்து வாங்கும் ஆவணம்தான் பார்வை மகஜர். தமிழ்நாட்டில் பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலரோ அவருடைய உதவியாளரோ சாட்சியாக இருப்பார். பொருளைக் கைப்பற்றும்போது எழுதும் மகஜர் வேறு, அது பின்னால் வருவது.

பார்வை மகஜரில் இருப்பதை எழுதுவது எளிது. இல்லாததை எழுதுவதில்தான் அனுபவம் தெரியும். முன்கதவுத் தாழ்ப்பாளில் உடைப்பு இல்லை. பீரோ பூட்டியிருந்தது, கீறல் இல்லை. கத்தியை ஒட்டிய தரையில் கறை இல்லை. வெறுமையைப் படம் சொல்லாது, யாரும் பார்க்கவில்லையா, பார்த்தும் இல்லையா என்று படத்தில் பிரித்தறிய முடியாது. மணம், சூடு, சத்தம் போன்றவையும் அப்படித்தான். சமையலறையில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது என்பதை எழுதித்தான் வைக்க வேண்டும்.

நம் நீதிமன்றங்கள் இந்த ஆவணத்தில் குறிப்பாகத் தேடும் ஒரு விஷயம் வெளிச்சம். இரவு சம்பவம், தெருவிளக்கு வெளிச்சத்தில் குற்றவாளியைப் பார்த்தேன் என்று ஒரு சாட்சி சொல்வார். பார்வை மகஜரிலும் மாதிரி வரைபடத்திலும் தெருவிளக்கே இல்லையென்றால், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

எழுதும்போது முடிவைக் கலக்கக் கூடாது. ‘ரத்தம்’ என்று எழுதுவதைவிட ‘ரத்தம் போன்ற காய்ந்த செந்நிறக் கறை’ என்று எழுதுவதுதான் சரி, ரத்தம்தான் என்று சொல்ல வேண்டியது ஆய்வகம். அதேபோல அதிகாரி தன் கண்ணால் கண்டதும் பிறர் சொல்லக் கேட்டதும் கலக்கக் கூடாது. வரைபடத்தில் ‘கத்தி கிடந்த இடம்’ என்று குறிக்கலாம். ‘குற்றவாளி நின்று குத்திய இடம்’ என்று குறித்தால், அது ஏதோ ஒரு சாட்சி போலீஸிடம் சொன்ன வாக்குமூலம்தான். போலீஸிடம் சொன்ன வாக்குமூலத்தை ஆதாரமாக எடுக்கக் கூடாது என்று சட்டம் போடும் தடை அந்தக் குறிப்புக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இந்தப் பகுதியில் இரண்டு மாற்றங்களைக் கொண்டுவந்திருக்கிறது. ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றமானால், தடய அறிவியல் நிபுணர் நேரில் வந்து தடயம் சேகரிக்க வேண்டும், அந்தச் செயல் வீடியோவாகப் பதிவாக வேண்டும் என்கிறது 176ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு. இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி, ஒளியுடன் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 105ஆம் பிரிவு, செல்போனே போதும். செல்போன் வீடியோ நல்லதுதான். ஆனால் அது ஸ்டாண்டில் நின்று எடுத்த படத்துக்கும் டேப்பால் அளந்த எண்ணுக்கும் மாற்று அல்ல. ஓடும் வீடியோவில் செருப்புத் தடத்தின் கோடு தெரியாது. அதில் ஒலியும் பதிவாகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. ‘இவன்தான்யா செஞ்சிருப்பான்’ என்று யாராவது பின்னால் முணுமுணுத்தால், விசாரணை தொடங்கும் முன்பே முடிவெடுத்துவிட்டார்கள் என்பதற்கு அதுவே ஆதாரமாகிவிடும்.

## கடிகாரங்கள் ஒத்துப்போக வேண்டும்

படம், வரைபடம், எழுத்து, வீடியோ, வாசல் நோட்டு என்று இப்போது ஐந்து பதிவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நேரம் இருக்கிறது. அவை ஒன்றோடொன்று முரண்பட்டால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் முன்னாள் அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் ஓ.ஜே. சிம்ப்சன் மீதான கொலை வழக்கில் இது நடந்தது. 1994 ஜூன் 13 அன்று அவர் வீட்டுப் படுக்கையறையில் ஒரு ஜோடி காலுறை கைப்பற்றப்பட்டது. பின்னாளில் அதில் ரத்தம் இருப்பது தெரிந்து, முக்கிய ஆதாரமானது. அன்று காவல்துறையினரே எடுத்த ஒரு வீடியோவில் அந்த அறை வருகிறது. வீடியோவில் தெரிந்த நேரம் மாலை 4:13, அறையில் காலுறை இல்லை. சேகரித்தவரின் குறிப்பேட்டிலோ, காலுறையை எடுத்த நேரம் 4:30க்கு மேல். அப்படியானால் 4:13க்கு இல்லாத காலுறை எங்கிருந்து வந்தது, போலீஸே கொண்டுவந்து போட்டதா என்று கேட்டது எதிர்த்தரப்பு. பொருள்களை எடுத்த பிறகுதான் வீடியோ எடுத்தேன் என்றார் அதை எடுத்தவர். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எடுப்பதற்கு முன் காலுறை கிடந்த நிலையைச் சரியான நேரத்துடன் ஒரு வீடியோ காட்டியிருந்தால், இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. 1995 அக்டோபரில் சிம்ப்சன் விடுதலையானார். அதற்குக் காரணங்கள் பல, இது அவற்றில் ஒன்று.

ஆகவே வேலை தொடங்கும்போதே எல்லாக் கருவிகளின் நேரத்தையும் ஒன்றாக்கிக்கொள்ள வேண்டும். முடியாவிட்டால், குற்ற எண்ணும் தேதியும் எழுதிய காகிதத்தையும் சரியான நேரம் காட்டும் செல்போன் திரையையும் சேர்த்து முதல் படமாக எடுத்துவிட வேண்டும். கேமரா கடிகாரம் ஏழு நிமிடம் பிந்தியிருந்தால், அந்த ஏழு நிமிடமும் முதல் படத்திலேயே தெரிந்துவிடும்.

டிஜிட்டல் படங்களை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழும் வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். ஹாஷ் என்பது ஒரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணக்கிட்டுத் தரும் நீண்ட எண்ணெழுத்து வரிசை. படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த வரிசை முற்றிலும் வேறாகிவிடும். அதனால் வெளிச்சத்தைக் கூட்டிச் சரிசெய்ய விரும்பினால், மூலப் படத்தைத் தொடாமல் ஒரு நகலில்தான் செய்ய வேண்டும்.

## எடுக்கலாமா?

இப்போது நம் கூடத்தில் கத்திக்கு எண் 1, நாற்காலிக்குப் பக்கத்தில் உள்ள கறைக்கு எண் 2, கொல்லைத் தடத்துக்கு எண் 3. தடய அறிவியல் அலுவலர் தன் பட்டியலையும், படம் எடுத்தவரின் குறிப்பையும், மாதிரி வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எண்ணாகப் படிப்பார். எண் 1க்கு மூன்று தூரத்திலும் படம் இருக்கிறதா, இரண்டு முனைகளுக்கும் அளவு இருக்கிறதா, மகஜரில் அதே எண் இருக்கிறதா? எண் 2க்கு இடைத் தூரப் படம் இல்லை என்று தெரிந்தால், படம் எடுப்பவர் திரும்பிப் போய் அதை எடுத்துவருவார். கறை இன்னும் அதே இடத்தில் இருக்கிறது, அதனால் அது இப்போது முடியும். மூன்று எண்களும் மூன்று பதிவுகளிலும் ஒத்துப்போன பிறகு, கையுறையை மாற்றிக்கொண்டு, வீடியோவை ஓடவிட்டு, முதல்முறையாகக் கத்தியின் மேல் கை வைப்பார்கள்.